வியாழக்கிழமையே வாசல் தாண்டிய தங்கம்

அந்த வாரம் எங்கள் வீட்டில் உட்கார அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன. நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டிருந்தோம். ஈஜிபுராவில் ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு, கீழ்த்தளம், இரண்டு அறை. வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் செய்து அங்கேயே குடிவைக்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் காலிசெய்ய வேண்டும். காலிசெய்து எங்கே போவது என்பது மட்டும் திங்கட்கிழமை வரை முழுசாக முடிவாகவில்லை.

முக்கால்வாசி முடிவாகியிருந்தது. தொம்மலூர் பழைய ஊருக்குள் ஒரு வீடு, லீசுக்கு. பெங்களூரில் லீஸ் என்றால் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். மாச வாடகை கிடையாது. இரண்டு மூன்று வருஷம் கழித்துப் போகும்போது அந்தத் தொகை அப்படியே திரும்பிவரும். அந்த வீட்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் பேசினோம். டோக்கன் பத்தாயிரம் கொடுத்தாகிவிட்டது. கையில் எழுபது இருந்தது. நாற்பது குறைந்தது.

அந்த வீட்டுக்காரர் கன்னடக்காரர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் ஊருக்குக் கிளம்புகிறவர், திரும்ப ஒரு மாதம் ஆகும். "அஞ்சு மணிக்குள்ள முழு காசும் வந்தா வீடு உங்களுக்கு. வரலேன்னா இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பயந்துபோனேன்.

அந்த வீடு போனால் எங்களுக்குக் கட்டுப்படியாகும் அடுத்த வீடு ஹெப்பகோடியில்தான் இருந்தது. அங்கிருந்து என் மனைவி தொம்மலூரில் இருக்கும் ஏற்றுமதிக் கம்பெனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே அவள் கணக்குப் பிரிவில் இருந்தாள். இரண்டாவது படிக்கும் மகளை வருஷ நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். தொம்மலூர் வீட்டிலிருந்து இரண்டுமே நடக்கிற தூரம். சமையலறைக்குக் கிழக்கே ஒரு ஜன்னல் வேறு. அந்த ஜன்னலை முதல்முறை பார்த்தபோது என் மனைவி அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வீடு பார்க்கப் போன இடத்தில் அவள் பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

நான் அப்போது மென்பொருளுக்குக் கையேடு எழுதும் வேலையில் இருந்தேன். எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்தச் சன்னல் திறக்கும் என்று எழுதுவது. நாலு வருஷத்தில் ஐந்து கம்பெனி. எனக்கு ஒரு நாற்காலியில் இரண்டாவது மழைக்காலம் வந்தாலே உள்ளங்கால் அரிக்கும். மத்தியானங்களில் அலுவலகக் காகிதத்தின் பின்பக்கம் எதையாவது கிறுக்குவேன்: மழையைப் பற்றி, சிக்னலில் நிற்கும் பஸ்ஸின் பெருமூச்சைப் பற்றி. நிற்காத மனுஷன் நிற்கிற பஸ்ஸைப் பற்றி எழுதுகிறான் என்று என் மனைவி சொல்வாள்.

திங்கட்கிழமை காலை என் மேசை டெலிபோன் அடித்தது. எத்தனையோ மாதங்களாக வந்துகொண்டிருந்த அதே குரல், அல்லது அதன் அக்கா தங்கை. "சார், பர்சனல் லோன் வேணுங்களா? ஜாமீன் வேணாம், அடமானம் வேணாம்." வழக்கமாக வேண்டாம் என்று வைத்துவிடுவேன். அன்றைக்கு, "வேணும்" என்றேன். எதிர்முனையில் அந்தப் பெண் ஒரு கணம் திகைத்துப்போனாள். யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது.

சாயங்காலமே டை கட்டிய ஒருவர் ஹெல்மெட்டோடு எங்கள் கேண்டீனுக்கு வந்தார். ஒரு தனியார் வங்கியின் ஏஜெண்ட். காஃபி வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாத சம்பளச் சீட்டு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், முகவரிக்கு ஒரு அத்தாட்சி, இரண்டு போட்டோ, பின்தேதியிட்ட செக்குகள் முப்பத்தாறு. "இந்தக் கம்பெனில எவ்ளோ நாளா சார்?" "எட்டு மாசம்." பேனாவை மூக்கில் தேய்த்துக்கொண்டார். "ஒரு வருஷம் கேப்பாங்க. சம்பளம் நல்லா இருக்கு, நான் பேசிக்கறேன். வீட்டுக்கு வெரிஃபிகேஷனுக்கு ஆள் வருவாங்க, சும்மா பார்த்துட்டுப் போவாங்க. வியாழக்கிழமை செக் கையில."

எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது. என் பெயரை, என் கையெழுத்தை நம்பி ஒரு கட்டிடம் எனக்கு நாற்பதாயிரம் கொடுக்கப்போகிறது. முப்பத்தாறு செக்கில் கையெழுத்துப் போட்டேன். இருபதாவதுக்கு மேல் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் மனைவியின் நகையை அடகுக்கடையில் வைத்தேன், நூற்றுக்கு மாசம் மூன்று ரூபாய் வட்டிக்கு. மீட்க இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் உறவுக்காரர் கல்யாணங்களுக்கு அவள் கவரிங் போட்டுக்கொண்டு போய், போட்டோ எடுக்கும்போது மட்டும் பின்வரிசைக்கு நகர்ந்துகொண்டாள். இனி உன் நகையைத் தொடமாட்டேன் என்று நானாகத்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சமையல் முடிந்ததும் 'பாத்திரம்' என்று எழுதியிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"வட்டி எவ்ளோ?" என்றாள்.

"பதினொன்னு பர்சென்ட்டாம். நம்ம ரெண்டு பேர் அக்கவுண்ட் இருக்கற கவர்ன்மென்ட் பேங்க்ல நகைக்கே பன்னெண்டு வாங்கறான். இது கம்மி."

"ஃப்ளாட்டா?"

"என்னது?"

"எந்திரிங்க அந்தப் பொட்டிய விட்டு."

எழுந்தேன். கறுப்பு மார்க்கரை எடுத்து பெட்டியின் பக்கவாட்டில் எழுத ஆரம்பித்தாள். கம்பெனியில் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறவள், கை தானாக ஓடியது.

"நாப்பதாயிரத்துக்குப் பதினொன்னுன்னா வருஷத்துக்கு நாலாயிரத்து நானூறு. மூணு வருஷம், பதிமூவாயிரத்து எரநூறு. ஆக அம்பத்து மூவாயிரத்து எரநூறு. முப்பத்தாறால வகுத்தா மாசம் ஆயிரத்து நானூத்து எழுபத்தெட்டு. அந்த ஆளு சொன்னது இதானே?"

"இதேதான்."

"இப்பப் பாருங்க. மாசா மாசம் அசல்லயும் ஒரு துண்டு கட்டிட்டே வர்றோம். கடைசி வருஷம் நம்ம கையில நிக்கறது பத்துப் பன்னெண்டாயிரம்கூட இருக்காது. ஆனா வட்டி மட்டும் அப்பவும் நாப்பதாயிரத்துக்கு! திருப்பிக் குடுத்த காசுக்கும் வட்டி கட்டிட்டு இருப்போம். பதினொன்னுன்னு பேரு, கூட்டிப்பார்த்தா இருபதுக்குப் பக்கத்துல நிக்கும்."

பேர் பதினொன்று, உடம்பு இருபது. எனக்கு அந்தக் கணக்கு ஏதோ மனுஷர்களைப் பற்றிச் சொல்வதுபோலப் பட்டது.

"அப்புறம்? எடுக்கும்போதே பிடிச்சுக்கறது?"

"ப்ராசஸிங்னு எண்ணூறு."

"முன்னாலயே கட்டி முடிச்சா?"

"ஆறு மாசம் வரைக்கும் முடிக்க விடமாட்டாங்களாம். அப்புறம் முடிச்சா மிச்சத்துல நாலு பர்சென்ட் அபராதம்."

அவள் சிரித்தாள். "ஏங்க, பணத்தத் திருப்பிக் குடுத்தா அபராதமா? எங்க ஊர்ப்பக்கம் குடுக்காதவனத்தான் உதைப்பாங்க."

பிறகு பக்கத்துப் பெட்டிக்கு நகர்ந்தாள். நமக்கு எத்தனை நாளைக்கு இந்தப் பணம் தேவை என்பதுதான் கேள்வி என்றாள். இந்த வீட்டு அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரம், காலிசெய்த ஒரு மாதத்தில் வந்துவிடும். அவள் கம்பெனியில் போடும் சீட்டு, நாலாவது மாதம் இருபதாயிரம். நகைக்கடன் என்றால் பன்னிரண்டு வட்டி, இருக்கிற பாக்கிக்கு மட்டும், இருக்கிற நாளைக்கு மட்டும். முதல் மாதம் நானூறு. இருபத்தைந்தைக் கட்டிவிட்டால் மிச்சம் பதினைந்துக்கு மாசம் நூற்றைம்பது. நாலு மாதத்தில் மொத்தம் எண்ணூற்றைம்பது ரூபாய். நகை மதிப்புப் போடுகிறவருக்கு ஒரு சின்னக் கட்டணம். முடிந்தது.

"அந்தப் பொட்டிய விட இந்தப் பொட்டி நல்லா இல்ல?" என்றாள், இரண்டு பெட்டிகளையும் காட்டி.

நல்லாத்தான் இருந்தது. எனக்குத்தான் நன்றாக இல்லை. "உன் நகையத் தொடமாட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்றேன்.

"அது நீங்க சொன்னது. நகை என்னுது." மார்க்கரை மூடினாள். என் முகத்தைப் பார்த்திருப்பாள். "சரி, வியாழக்கிழமை வரைக்கும் உங்க டைகாரர் பார்க்கட்டும். வரலேன்னா நகை. பேச்சு மாறக்கூடாது."

புதன்கிழமை வெரிஃபிகேஷன் ஆள் வந்தார். நாங்கள் இருவரும் வேலையில். கதவு பூட்டியிருந்தது. வாசலில், உள்ளே இடமில்லாமல் வெளியே வைத்த நாலு பெட்டிகள். மாடிவீட்டுக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். அவர் வீட்டில் தக்னி உருது பேசுவார்கள், எங்களிடம் தமிழ். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் மகள் பள்ளிவிட்டு வந்ததும் நாங்கள் வரும்வரை அவர் வீட்டில்தான் இருப்பாள். அத்தனை நெருக்கம்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு டைகாரர் போன் செய்தார். "சார், ஃபீல்டு ரிப்போர்ட் நெகட்டிவ்."

"எதுக்கு?"

"வீட்ட காலி பண்றீங்கன்னு எழுதியிருக்காங்க சார். வேலையும் எட்டு மாசம், வீடும் காலி. சேர்த்துப் பார்த்தா கஷ்டம். ஒண்ணு பண்ணுங்க, புது வீட்டு அக்ரிமெண்ட் ஒரு காப்பி கொண்டுவாங்க. ரெண்டே நாள்ல வாங்கித் தர்றேன்."

புது வீட்டு அக்ரிமெண்ட் வேண்டுமென்றால் நாற்பதாயிரம் வேண்டும். நாற்பதாயிரம் வேண்டுமென்றால் புது வீட்டு அக்ரிமெண்ட் வேண்டும். நான் ரிசீவரை வைத்துவிட்டு என் கையேட்டைப் பார்த்தேன். 'தொடர இங்கே அமுக்கவும்' என்று எழுதியிருந்தேன்.

என் மனைவிக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மாடிவீட்டம்மாவே இறங்கி வந்தார், முகமெல்லாம் பெருமை. "அண்ணா, நேத்து ஒருத்தரு வந்து உங்களப் பத்தி விசாரிச்சாரு. பொண்ணு பார்க்க வந்த மாதிரி கேக்கறாரு! நான் நல்லவிதமா சொன்னேன். தங்கமான மனுஷங்க, ஒரு பைசா யாருக்கும் கடன் கிடையாது, பாவம் ஞாயித்துக்கெழமை காலி பண்றாங்கன்னு."

என் மனைவியும் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். நான் வெறுமனே பெட்டியில் உட்கார்ந்தேன். அவள் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அந்தம்மா வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டார். "அரே அல்லா! நான் சொன்னதாலயா? அவரு பேங்க்காருன்னு சொல்லவேல்லியே. சொல்லியிருந்தா நூறு வருஷம் இங்கதான் இருப்பாங்கன்னு சொல்லியிருப்பேனே!"

"விடுங்க, உள்ளதத்தானே சொன்னீங்க" என்றாள் என் மனைவி. சுவர்க் கடிகாரம் ஏதோ பெட்டிக்குள் போயிருந்ததால் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். நாலரை. பேங்க்கில் நகைக்கடன் கவுண்டர் மத்தியானம் ஒரு மணியோடு சரி. அதற்குமேல் மதிப்பீட்டாளர் இருக்கமாட்டார். மிச்சம் நாளை ஒருநாள்தான்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு புரிந்தது. ஃப்ளாட் வட்டியை அட்டைப்பெட்டியில் உரித்துக்காட்டிய அதே பெண். வெள்ளிக்கிழமை வீட்டுத் தங்கம் வாசல் தாண்டக் கூடாது. அவள் அம்மா வீட்டில் வெள்ளிக்கிழமை உப்பு, அரிசிகூட யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். விளக்கு வைத்த பிறகும் ஆகாது. செவ்வாய்க்கிழமை இது அவள் நினைப்பில் வரவில்லை. அவளோடு வாதாடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நீ பி.காம். படிச்சவ."

"பி.காம்.ல இதுக்கு ஃபார்முலா சொல்லித் தரல. புது வீட்டுக்குப் போற காசு. இருக்கற லட்சுமிய வெள்ளிக்கிழமை வெளிய அனுப்பிட்டு அங்க போய் பால் காய்ச்சச் சொல்றீங்களா?"

சரி, போயிற்று என்று நினைத்தேன். கிழக்கு ஜன்னல் போயிற்று. ஹெப்பகோடி. இரண்டு பஸ்.

அவள் விடுவிடுவென்று உள்ளே போனாள். பீரோவைத் திறக்கிற சத்தம். எவர்சில்வர் சம்படம் ஒன்றோடு வந்தாள். "பரஸ்தானம் பண்ணிடலாம்" என்றாள்.

ஊருக்குப் போகிற நாள் சரியில்லை என்றால், நல்ல நாளிலேயே பையை எடுத்துக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் ஆள் சாவகாசமாகக் கிளம்பலாம். பைக்குச் செய்வதைத் தங்கத்துக்குச் செய்து நான் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதும் இல்லை. அவளும் இல்லை என்று பிறகு ஒப்புக்கொண்டாள்.

"இன்னிக்கு வியாழன். இன்னும் விளக்கு வெக்கல. இப்பவே இது வாசல் தாண்டிடுச்சுன்னா நாளைக்கு எங்கருந்து எடுத்தாலும் நம்ம வீட்டுலருந்து போனதா ஆகாது." மாடிவீட்டம்மாவிடம் திரும்பினாள். "உங்க வீட்ல வெச்சுக்கறீங்களா? காலைல வாங்கிக்கறேன். உங்களுக்கு வெள்ளிக்கிழமைல ஏதாவது...?"

"எங்களுக்கு வெள்ளிக்கெழம நல்ல நாளு அக்கா. குடுங்க." இரண்டு கையாலும் வாங்கினார். சம்படத்தின் எடை அவர் கையை ஒரு விரற்கடை இறக்கியது. "என்ன இருக்குன்னு பார்க்க வேணாமா? எழுதி வாங்கிக்க வேணாமா?"

"எதுக்கு?" என்றாள் என் மனைவி.

படியேறிப் போகிறவரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் படி, இரண்டாம் படி. எங்கள் பதினாலு சவரன் துவைத்த துணி வாசத்தோடு மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஃபார்ம் இல்லை, போட்டோ இல்லை, முப்பத்தாறு செக் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவரே சம்படத்தோடு தெரு முனைவரை வந்தார். எங்கள் வீட்டுப் படியில் வைத்துக் கொடுத்தால் திரும்ப உள்ளே வந்ததாகிவிடுமோ என்று அவருக்கே சந்தேகம். கணவரின் ஆட்டோ அங்கே நின்றது. "பேங்க்காரன் வந்தா நான் வாயத் தொறக்கமாட்டேன் போங்க" என்று வழியனுப்பினார்.

பேங்க்கில் எங்களுக்கு முன்னால் நாலு பேர். மதிப்பீட்டாளர் கவுண்டருக்குப் பின்னால் சின்ன மேசையில், கண்ணாடிப் பெட்டித் தராசு, கறுப்பு உரைகல், ஒரு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கன்னடம் கலந்த தமிழ். "ஸ்வல்ப இருங்கம்மா, ஒண்ணொண்ணா பார்க்கலாம்."

ரெட்டைவடச் சங்கிலி, நாலு வளையல், கல் நெக்லஸ், ஒரு ஜோடி ஜிமிக்கி. ஒவ்வொன்றாக உரைகல்லில் இழுத்தார். மெல்லிய மஞ்சள் கோடுகள். அதன்மேல் ஒரு சொட்டு திராவகம். கோடு அப்படியே நின்றது. என்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை மாசமாக வேலை, வீடு காலியா, மாடிவீட்டில் என்ன சொன்னார்கள், எதுவும் வேண்டியிருக்கவில்லை. கல்லில் ஒரு கோடு போதும். இத்தனை நாள் என்னை அலைக்கழித்த வெட்கம், அந்தக் கோட்டைப் பார்த்தபோது எங்கே போயிற்றோ.

"மொத்தம் நூத்துப் பன்னெண்டு கிராம்" என்றார். என் மனைவி தலையாட்டினாள். பதினாலு சவரன், சரி. "நெக்லஸ்ல கல்லு, ஜிமிக்கில கல்லு, வளையலுக்குள்ள அரக்கு. அதெல்லாம் தங்கம் இல்லம்மா. பதினாலு கிராம் கழிக்கணும். நெட் தொண்ணுத்தெட்டு."

அவள் முகம் மாறியது. அன்றைக்கு அந்த பேங்க் கிராமுக்கு நானூறு கொடுத்தது. மார்க்கர் இல்லாமலே கணக்குப் போட்டுவிட்டாள். முப்பத்தொன்பதாயிரத்து இருநூறு. எண்ணூறு குறைகிறது, கட்டணம் வேறு. இத்தனை கணக்குப் போட்டவள் அரக்கைக் கணக்கில் எடுக்கவில்லை. வளையலை எப்போதும் முழுசாகத்தான் போட்டிருக்கிறாள், உள்ளே என்ன என்று யோசிக்கிற அவசியம் வந்ததில்லை. கை கழுத்துக்குப் போனது, தாலிச் சங்கிலிக்கு.

"அது வேணாம்" என்றேன். என் விரலைப் பார்த்தேன். மாமனார் வீட்டில் போட்ட மோதிரம், அரைச் சவரன். பத்து வருஷமாக என்னோடு இருக்கிறது. ஐந்து கம்பெனி மாறியபோதும் மாறாதது அது ஒன்றுதான், மாறமுடியாததால். விரல் பருத்துவிட்டது. இழுத்தேன், வரவில்லை. திருகினேன். எச்சில் தொட்டேன். வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் சோப்பு போடச் சொன்னார். அவருக்கும் பின்னால் ஒரு பெண்மணி, "அவரு குடுக்க மனசில்லாம நடிக்கறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும்.

மதிப்பீட்டாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். "கை கொடுங்க சார்." நூலின் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்தார். மேலே கணுவைத் தாண்டும்வரை விரலைச் சுற்றி இறுக்கமாக, இடைவெளி விடாமல் சுற்றினார். விரல் சின்னக் கம்பம் மாதிரி வெள்ளையாக நின்றது. பிறகு அடிநுனியைப் பிடித்து மெல்ல அவிழ்க்க ஆரம்பித்தார். நூல் ஒவ்வொரு சுற்றாக அவிழ, மோதிரம் ஒவ்வொரு சுற்றாக ஏறியது. கணுவில் ஒரு கணம் நின்றது. வலித்தது. தாண்டியது. மேசைமேல் விழுந்து ஒரு வட்டம் போட்டு அடங்கியது. வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"நாலு கிராம். நல்ல தங்கம்" என்றார் அவர்.

நூற்றிரண்டு கிராம், நாற்பதாயிரத்து எண்ணூறு. பேங்க்கில் நகைக்கடன் என் மனைவி பெயரில்தான் போட்டோம், விண்ணப்பம் அவள் கையெழுத்தில் முன்பே பூர்த்தியாகியிருந்தது. என் மோதிரமும் அவள் நகைப் பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்ந்தது. ஒரு துணிப்பையில் எல்லாவற்றையும் போட்டு, சீட்டு கட்டி, அரக்கு முத்திரை வைத்தார்கள். இதைக் கழித்தார்கள், இதையே வைத்து மூடுகிறார்கள் என்று என் மனைவி காதருகில் சொன்னாள். ஆபீசர் ரசீதை நீட்டி, "ஒரு வருஷத்துக்குள்ள மீட்டுடுங்கம்மா. இல்ல வட்டி கட்டிப் புதுப்பிச்சுக்கங்க. கண்டுக்காம விட்டா நோட்டீஸ் வரும், அப்புறம் ஏலம்" என்றார். "நாலு மாசம்" என்றாள் அவள். அவர் அடுத்த ரசீதுக்குப் போய்விட்டார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் போல.

பணம் கைக்கு வந்தபோது மணி ஒன்றரை. வெளியே வந்தோம். வெயில் அப்படி ஒரு வெயில். நான் பஸ்ஸுக்காக நிற்கவில்லை, நடக்கலாம் என்றேன். வெறும் விரல் காற்றில் குளிர்ந்தது. அங்கே ஒரு வெள்ளை வளையம், பத்து வருஷமாக வெளிச்சம் காணாத தோல். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைவிட வேகமாக நடந்தாள்.

தொம்மலூரில் அந்த வீட்டுக்காரர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை இரண்டு தடவை எண்ணினார். முத்திரைத்தாளில் கையெழுத்து ஆயிற்று. நான் கையை நீட்டினேன், சாவிக்காக.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "இவத்து சுக்ரவார அல்வா? வெள்ளிக்கிழமை வீட்டுச் சாவி யாராவது கொடுப்பாங்களா?"

ஒரு மாதம் ஊரில் இருக்கமாட்டார். ஞாயிறு நாங்கள் தெருவில். என் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு இதில் வாதாட உரிமையே இல்லை.

அவர் ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டினார். எதிர்ப்பக்கம் மரத்தடியில் துணி தேய்க்கிறவரின் வண்டி. "நேத்து சாயங்காலமே அவன்கிட்ட கொடுத்துட்டேன். நாளைக்குக் காலைல வாங்கிக்கங்க."

"நேத்தேவா?" என்றேன். நேற்று சாயங்காலம் எங்கள் கையில் நாற்பதாயிரமும் இல்லை, அதற்கு வழியும் இல்லை. "நாங்க வராமப் போயிருந்தா?"

"அந்தம்மா ஜன்னல்கிட்ட நின்னாங்களே அன்னிக்கு" என்றார். "வருவீங்கன்னு தெரியும்." அந்த இன்னொரு பார்ட்டி இருந்ததா இல்லையா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. இன்றைக்கும் தெரியாது.

தெருவில் இறங்கியதும் என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை அவளால். இஸ்திரி வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கரிப்பெட்டியிலிருந்து சூடு அடித்தது. இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "சாவிதானேம்மா? நாளைக்குத்தான் தரச் சொன்னாரு" என்றார் கண்டிப்பாக.

"நாளைக்கே குடுங்கண்ணா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி.

நாலு மாதம் என்று சொன்னது ஐந்தாகியது. சீட்டு ஒரு மாதம் தள்ளிப்போனது. அதற்கு நூற்றைம்பது ரூபாய் கூட. முத்திரையை எங்கள் முன்னாலேயே உடைத்துக் கொடுத்தார்கள். மோதிரத்தைக் கையில் வாங்கியபோது போட்டுக்கொள்வதா என்று யோசித்தேன். சம்படத்திலேயே கிடக்கட்டும் என்றாள், அடுத்த முறை நூல் தேட வேண்டாம்.

அந்த வீட்டில் ஏழு வருஷம் இருந்தோம். நான் ஒரே இடத்தில் அத்தனை நாள் இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சமையலறை மூலையில் 'பாத்திரம்' பெட்டி இருந்தது. கிழக்கு ஜன்னல் வெயில் காலையில் எட்டு மணிக்கு அதன் பக்கவாட்டை எட்டும். ஐம்பத்து மூவாயிரத்து இருநூறு என்கிற மார்க்கர் எழுத்து கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு நிழலுக்குள் போகும். பல் தேய்த்துக்கொண்டே தினமும் அதைப் பார்ப்பேன். நாங்கள் கட்டாத காசு.